சந்தை மூடிய பிறகும் விலை ஏன் ஓடுகிறது?

கேள்வி: அமெரிக்கப் பங்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். இரவு சந்தை முடிந்த பிறகு ஒரு பங்கு 12 சதவீதம் இறங்கியதாக ஆப்பில் காட்டியது. குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தும் விற்கவில்லை. மறுநாள் சந்தை திறந்தபோது பாதி இறக்கம் மீண்டுவிட்டது. எந்த விலையை நம்புவது?

பதில்: நியூயார்க் நேரப்படி வழக்கமான வணிகம் காலை 9.30 முதல் மாலை 4 வரை. அதற்கு முன் அதிகாலை 4 மணியிலிருந்தும், பின்னர் இரவு 8 வரையிலும் பங்குகள் கைமாறுகின்றன; இதைத்தான் நீட்டித்த நேரம் என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளைப் பெரும்பாலும் வெளியிடுவது இந்த நேரங்களில்தான். செய்தி வந்ததும் விலை நகர்வது இயல்பு. ஆனால் அப்போது வாங்க, விற்க நிற்பவர்கள் மிகக் குறைவு. சிக்கல் அங்கேதான்.

ஒரு பங்கு 100 டாலரில் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் 99.99-க்கு வாங்கவும் 100.01-க்கு விற்கவும் ஆயிரக்கணக்கான பங்குகளுக்கு ஆள் இருக்கும். மாலை 5 மணிக்கு வாங்குபவர் 97-இல், விற்பவர் 102-இல் நிற்கலாம். அவசரப்பட்ட ஒருவர் 20 பங்கை 97-க்குக் கொடுத்தால் உங்கள் ஆப் '3 சதவீதம் சரிவு' என்று காட்டும். கடைசியாக நடந்த வணிகம் அதுதான், அவ்வளவே.

2024 பிப்ரவரி 13 அன்று வாடகைக் கார் நிறுவனமான லிஃப்ட், சந்தை மூடியபின் முடிவுகளை வெளியிட்டது. லாப விகிதம் 0.5 சதவீதப் புள்ளி கூடும் என்பதற்குப் பதில் 5 என்று அச்சாகிவிட்டது. பங்கு 60 சதவீதத்துக்கு மேல் எகிறியது. முதலீட்டாளர்களுடனான தொலைபேசிக் கூட்டத்தில் நிதித் தலைவர் தவறைத் திருத்தியதும் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்தது. உச்சத்தில் வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் முடிவுகள் நன்றாகவே இருந்ததால் மறுநாள் பங்கு சுமார் 35 சதவீதம் ஏறி முடிந்தது. ஆக, அந்த நேரத்து விலை திசையைச் சரியாகச் சொல்லலாம், அளவில் ஏமாற்றலாம்.

சரி, உங்கள் ஸ்டாப் லாஸ். பெரும்பாலான தரகர்களிடம் அது வழக்கமான நேரத்தில் மட்டும்தான் விழித்திருக்கும். இந்த முறை அது உங்களைக் காப்பாற்றியது. எப்போதும் அப்படி நடக்காது: 95-இல் ஸ்டாப் வைத்து, மறுநாள் பங்கு 85-இல் திறந்தால், ஏறக்குறைய 85-க்குத்தான் விற்கும்.

நீட்டித்த நேரத்தில் விற்றே ஆகவேண்டும் என்றால் விலையை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர்தான் வழி. பொதுவாகத் தரகர்கள் வேறு வகையை ஏற்பதும் இல்லை. அந்த நேரத்துக்கும் செல்லும்படி ஆர்டரில் தனியாகத் தேர்வு செய்யவேண்டும். அதற்கு முன், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் இதுவரை கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். இடைவெளி டாலர் கணக்கில் இருந்து, கைமாறியது சில நூறு பங்குகள் மட்டும் என்றால், 9.30 மணி ஏலத்தில் உருவாகும் தொடக்க விலைக்குக் காத்திருங்கள். அங்கே இரவெல்லாம் சேர்ந்த ஆர்டர்கள் ஒன்றாக மோதும்.