எதைக் கேட்டால் உங்கள் பெயர் நினைவுக்கு வரவேண்டும்?

மேடம், 12 வருஷமா பாடம் எடுக்கிறேன், 19 கட்டுரை வந்திருக்கு. பல்கலைக்கு வெளியே ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது. என் அறிமுக வரி இதுதான்: "மண் இயக்கவியல், அடித்தளப் பொறியியல், நிலச்சீரமைப்பு ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்." எங்கே ஆரம்பிக்கலாம்?

அந்த வரியிலேயே ஆரம்பிக்கலாம். அதில் இருப்பவை பாடங்களின் பெயர்கள். வெளியே இருப்பவர் பாடத்தைத் தேடி வரமாட்டார், ஒரு தொல்லையோடு வருவார். நீங்கள் அனுப்பிய பட்டியலைப் படித்தேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில், அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன். 19இல் 11 கட்டுரைகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். அதன் மேல் கட்டிய சிறிய வீடுகள் விரிசல் விடுவதுதான் உங்கள் பொருள்.

அப்படியானால் வரி இப்படி மாறலாம்: "களிமண் நிலத்தில் கட்டிய வீடுகள் ஏன் விரிசல் விடுகின்றன, எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும் என்பதை ஆராய்கிறார்." இதைத் துறை சாராத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "அப்படியா, நல்லது" என்றால் வரி இன்னும் சரியாகவில்லை. "எங்க வீட்டுச் சன்னல் மூலையிலகூட ஒண்ணு இருக்கே" என்று அவர் தன் கதையைத் தொடங்கினால் வரி வேலை செய்கிறது. மற்ற எட்டுக் கட்டுரைகள் வீணாகுமே என்று கவலை வேண்டாம். விரிசலுக்காக உங்களைத் தேடி வந்தவர்தான் அடுத்து வீட்டை ஒட்டிய மரத்தைப் பற்றியும் கசியும் குழாயைப் பற்றியும் கேட்பார்.

மேற்கோள் எண்ணிக்கை ஏறினால் பெயர் தானாக வெளியே போய்விடும்தானே? நான் அதை நம்பித்தான் உழைக்கிறேன்.

பாதி சரி. துறைக்குள் போகும். கருத்தரங்க அழைப்பு, ஆய்வேட்டு மதிப்பீடு எல்லாம் அந்த வழியில்தான் வரும். ஆனால் செய்தியாளரோ நகராட்சிப் பொறியாளரோ மேற்கோளை எண்ணுவதில்லை. கைப்பேசியில் பெயரைத் தட்டி, முதல் திரையில் வருவதைப் பார்க்கிறார்.

பலருக்கும் அங்கேதான் சிக்கல். ஒரு கட்டுரையில் தலைப்பெழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் தந்தை பெயர் முழுதாக. இப்படி ஒரே ஆள் மூன்று பேராகப் பிரிந்து கிடப்பார். இன்றே ஒரு வடிவத்தை முடிவு செய்து, இனி எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். ஒவ்வொரு ஆய்வாளரையும் தனியாக அடையாளம் காட்டும் ORCID எண் இலவசம், 16 இலக்கம். பழைய பெயர் வடிவங்களையும் அதில் சேர்த்துவிடலாம். Google Scholar பக்கத்தை உங்கள் பல்கலை மின்னஞ்சலால் உறுதிசெய்து, பொதுப் பார்வைக்குத் திறந்துவிடுங்கள். கட்டுரைகள் தாமாகவே சேரும் வசதியை மட்டும் நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டபின் சேர்க்கும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் அதே பெயர்கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கண்டுபிடிப்பவர் உங்கள்மேல்தான் சந்தேகப்படுவார்.

பத்திரிகைக்கு மூணு தடவை கட்டுரை அனுப்பினேன், பதிலே இல்லை. நான் ஆரம்பித்தது: "மண் மனித நாகரிகத்தின் அடிப்படை. தொன்றுதொட்டு மனிதன் மண்ணோடு..." (முதல் கேள்வி கேட்டவனேதான்)

உங்கள் விஷயம் நான்காம் பத்தியில்தான் வருகிறது. அதுவரை யாரும் படித்திருக்கமாட்டார்கள். நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்: "நீண்ட வறட்சிக்குப் பிறகு பெருமழை பெய்திருக்கிறது. சன்னல் மூலையிலிருந்து செங்கல் வரிசையில் படிபோல ஏறும் விரிசல் தெரிந்தால், உடனே பூசி மூடாதீர்கள். அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள்."

அடுத்த பத்தியில் காரணம்: பருவத்தோடு விரிந்து சுருங்கும் விரிசல் என்றால் கீழே மண் அசைகிறது. பூசி மூடினால் அந்தத் தடயமே போய்விடும். இதற்குமேல் சேர்த்தாலும் 800 சொல் தாண்டாது. மழை பெய்த வாரத்திலேயே அனுப்ப வேண்டும், அதனால் வறட்சியிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான்கு வரியில் யோசனையை மட்டும் எழுதிக் கேளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஆங்கிலத்தில் எழுத முடியுமென்றால், 2011இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய The Conversation தளம் கல்வியாளர்களுக்காகவே நடக்கிறது. உங்கள் துறைக்குள்தான் எழுதவிடுவார்கள், ஆனால் ஓர் ஆசிரியர் கூடவே உட்கார்ந்து வரிக்கு வரி சரிசெய்வார். எழுதப் பழக அது நல்ல இடம்.

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள் மேடம். நான் ஒரு நாளிதழில் நடுப்பக்கம் பார்க்கிறேன். புதியவர்கள் யோசனையை மட்டும் அனுப்பினால் எங்களால் முடிவெடுக்க முடிவதில்லை. முழுக் கட்டுரையும் வேண்டும்.

எனக்கு நேர்மாறான அனுபவமும் உண்டு, முழுக் கட்டுரையைத் திறக்காமலே விட்ட இடங்கள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: மடலில் நான்கு வரி, அதன் கீழேயே முழுக் கட்டுரை, இணைப்பாக வேண்டாம்.

லோகோ, வண்ணம், விசிட்டிங் கார்டு எல்லாம் யாரிடம் செய்யலாம்?

இதற்கு அவை தேவைப்படாது. முகம் தெளிவாகத் தெரியும் ஒரே புகைப்படத்தை எல்லாப் பக்கத்திலும் வையுங்கள். நீங்கள் தினமும் திறக்கும் மின்னஞ்சலைத் துறைப் பக்கத்தில் போடுங்கள்.

ஒருமுறை டிவியில் பேசக் கூப்பிட்டார்கள். பாலம் இடிந்ததைப் பற்றிக் கேட்டார்கள். நான் மண் ஆள், இருந்தாலும் ஏதோ சொல்லிவிட்டேன். துறையில் இன்னும் அதையே பேசுகிறார்கள்.

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. நானும் ஒரு புகைப்படத்தைப் பார்த்தே "களிமண்தான் காரணம்" என்று சொல்லியிருக்கிறேன். தோண்டிப் பார்த்தபோது உடைந்த கழிவுநீர்க் குழாய் இருந்தது. அன்றிலிருந்து படத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதில்லை. என்னென்ன காரணம் இருக்கலாம், அதை எப்படிச் சோதிப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

ஒப்புக்கொள்ளும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: கேள்வி என்ன, நேரலையா பதிவா, கூட யார் பேசுகிறார்கள். பாலத்தின் உடல் உங்கள் பொருள் இல்லையென்றால் அதைச் சொல்லி, தெரிந்த ஒருவரின் பெயரை, அவர் சம்மதத்தோடு, உடனே கொடுங்கள். செய்தியாளருக்கு மாலைக்குள் ஆள் வேண்டும். சரியான ஆளைக் காட்டியவரை அவர் மறப்பதில்லை, அடுத்த விரிசல் செய்திக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.

அடித்தளம் சரிசெய்யும் நிறுவனம் ஒன்று எனக்கு ஆலோசனைக் கட்டணம் தருகிறது. விரிசல் பற்றி நான் பொதுவில் எழுதலாமா?

முதலில் உங்கள் பணிவிதியைப் பாருங்கள். வெளிவேலைக்கும் ஊடகத்தில் பேசுவதற்கும் தனித்தனி அனுமதி கேட்கும் இடங்கள் உண்டு. எழுதினால் கட்டணம் வாங்குவதைக் கட்டுரையின் அடியில் சொல்லிவிடுங்கள். அந்த நிறுவனம் விற்கும் முறையைச் சிறந்தது என்று எழுதாதீர்கள். ஆனால் அந்த முறையை ஒப்பிட்டுக் குறைசொல்லியாவது எழுதலாமா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. நான் அப்படிப்பட்ட வேலை கையில் இருந்த காலத்தில் அந்தப் பொருளைத் தொடவில்லை. என் சக பேராசிரியர் ஒருவர், சொல்லிவிட்டு எழுதினால் தப்பில்லை என்கிறார். இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.