என்.பி.எஸ். 35 இலிருந்து 22 ஆனால் என்ன அர்த்தம்?

கேள்வி: ஈரோட்டில் டூவீலர் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிறேன். மாதம் 400 வண்டிக்கு மேல் வரும். டெலிவரி எடுத்ததும், "எங்களை நண்பருக்கோ உறவினருக்கோ சிபாரிசு செய்வீர்களா? 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்" என்ற ஒரே கேள்வி வாட்ஸ்அப்பில் போகும். கீழே காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு. இதிலிருந்து கிடைக்கும் நெட் ப்ரமோட்டர் ஸ்கோர், அதாவது என்.பி.எஸ்., ஏப்ரலில் 35, மே மாதம் 22. இரண்டு மாதமும் 60 பேர்தான் பதில் போட்டார்கள். சர்வீஸ் அட்வைசர்களின் இன்சென்டிவை இந்த எண்ணோடு கட்டலாம் என்றிருந்தேன். எங்கே தப்பு நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: இன்சென்டிவ் யோசனையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஷீட்டை முழுக்கப் பார்த்தேன். உங்கள் சென்டரில் சரிசெய்ய வேண்டிய ஒரு விஷயம் இருப்பது உண்மை. ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பது 35, 22 என்ற எண்கள் இல்லை. பெட்டியில் எழுதிய சில வரிகள்தான் காட்டுகின்றன.

முதலில் அந்த 13 புள்ளி இறக்கம். 9, 10 போட்டவர்கள் ப்ரமோட்டர். 7, 8 போட்டவர்கள் பாசிவ். 0 முதல் 6 வரை எல்லோரும் டிட்ராக்டர். ப்ரமோட்டர் சதவீதத்திலிருந்து டிட்ராக்டர் சதவீதத்தைக் கழித்தால் என்.பி.எஸ். ஏப்ரலில் உங்களுக்கு 33 ப்ரமோட்டர், 15 பாசிவ், 12 டிட்ராக்டர். 55 சதவீதத்தில் 20 போனால் 35. மே மாதம் அதுவே 29, 15, 16. கணக்குப் போட்டால் 21.7 வருகிறது, அதைத்தான் மென்பொருள் 22 என்று காட்டியிருக்கிறது. ஆக, ப்ரமோட்டர் பக்கம் 4 பேர் குறைந்து, டிட்ராக்டர் பக்கம் 4 பேர் கூடியிருக்கிறார்கள். நடந்தது அவ்வளவுதான்.

60 பேரில் 4 பேர் இப்படியோ அப்படியோ இருப்பது எந்தக் காரணமும் இல்லாமலே நடக்கும். உங்கள் வேலைத் தரம் துளிகூட மாறாவிட்டாலும், ஒவ்வொரு மாதமும் பதில் போடுவது வேறு 60 பேர். அதனாலேயே எண் ஏறும், இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை எக்செலில் நீங்களே பார்க்கலாம். B1 இல் ப்ரமோட்டர் பங்கு (0.55), B2 இல் டிட்ராக்டர் பங்கு (0.20), B3 இல் பதில் எண்ணிக்கை (60) போட்டு, இன்னொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=196*SQRT((B1+B2-(B1-B2)^2)/B3)
```

ஏப்ரலுக்கு விடை 20 வரும். அதாவது நீங்கள் 35 என்று படித்ததன் உண்மையான மதிப்பு 15 க்கும் 55 க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மே மாதத்துக்கு 21. இரண்டு மாதத்தையும் ஒப்பிடும்போது இரண்டின் தடுமாற்றமும் சேர்ந்துகொள்ளும். அதனால் வித்தியாசம் கிட்டத்தட்ட 29 புள்ளியைத் தாண்டினால்தான் "ஏதோ மாறியிருக்கிறது" என்று தைரியமாகச் சொல்லலாம். உங்களுடையது 13. எண்ணை 10 புள்ளித் துல்லியத்தோடு பிடிக்க வேண்டும் என்றால் சுமார் 240 பதில் தேவை. அந்த 10 புள்ளியையும் பாதியாகக் குறைக்க, அதைப்போல் 4 மடங்கு பதில் வேண்டும். உங்கள் அளவுள்ள ஒரு சென்டருக்கு மாதக் கணக்கு ஒத்துவராது.

இப்போது ஒரு சர்வீஸ் அட்வைசரை நினைத்துப் பாருங்கள். 60 பதிலை 4 அட்வைசருக்குப் பிரித்தால் ஆளுக்கு 15. அதே சூத்திரத்தில் B3 க்கு 15 போட்டால் தடுமாற்றம் 40 புள்ளி. ஒருவருக்கு 50, இன்னொருவருக்கு 20 என்று வந்தால் அது பெரும்பாலும் சீட்டுக் குலுக்கலின் விளைவுதான். அதற்காக ஒருவரின் சம்பளத்தில் கைவைப்பது அநியாயம்.

அடுத்து, இந்த எண் எதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டுகிறது என்று பாருங்கள். 0 போட்டவரும் 6 போட்டவரும் கணக்கில் ஒன்று. ஆத்திரத்தோடு 0 போடும் ஒரு வாடிக்கையாளரை நீங்கள் பேசிச் சமாதானப்படுத்தி 6 வரை கொண்டுவந்தாலும் என்.பி.எஸ். அசையாது. 8 போட வேண்டியவர் அன்றைக்கு நல்ல மனநிலையில் 9 போட்டால் உடனே ஏறிவிடும். நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 35 எடுத்தால் பாஸ், 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்கில் "பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது" என்று நினைத்து 6 போடுகிறவரை இந்த முறை உங்கள் எதிரியாக எண்ணுகிறது. மே மாத டிட்ராக்டர்கள் 16 பேரில் 10 பேர் 5 அல்லது 6 போட்டவர்கள். அதனால் வெளிநாட்டு நிறுவனங்களின் என்.பி.எஸ். பட்டியலோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம். உங்கள் எண்ணை உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிடுவதில் தப்பில்லை. மதிப்பெண் போடும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதானே. எது எப்படியோ, மாத அறிக்கையில் ஒற்றை எண்ணுக்குப் பதில் 0 முதல் 10 வரை எத்தனை பேர் என்ற பட்டியலை அப்படியே வையுங்கள்.

இப்போது பெட்டியில் எழுதியதைப் பார்ப்போம். மே மாதம் 16 டிட்ராக்டரில் 9 பேர் காரணம் எழுதியிருக்கிறார்கள். அதில் 6 பேர் சொல்வது ஒன்றையே: மதியம் தருகிறோம் என்று சொல்லி, வண்டி கிடைத்தது சாயங்காலம். அந்த 6 பேரின் ஜாப் கார்டு தேதியை ஷீட்டில் தேடிப் பார்த்தேன். அதில் 5 பேருடையது சனிக்கிழமை. அப்புறம் ஏப்ரலுக்குப் போனேன். அந்த மாதம் 12 டிட்ராக்டரில் 7 பேர் எழுதியிருக்கிறார்கள், 4 பேர் அதே தாமதத்தைத்தான் சொல்கிறார்கள். 7, 8 போட்ட பாசிவ் ஆட்களிலும் இரண்டு மாதமும் சேர்த்து 5 பேர், "வேலை நல்லா இருக்கு, சொன்ன நேரத்துக்குத் தரலை" என்கிறார்கள். எண் 35 ஆக இருந்தபோதும் இந்தக் குறை அங்கேதான் இருந்தது. 22 வராமல் 40 வந்திருந்தால் இந்த வரிகளை யாரும் படித்தே இருக்க மாட்டார்கள், சனிக்கிழமை கூட்டம் அப்படியே தொடர்ந்திருக்கும்.

உங்கள் ஒற்றைக் கேள்வியில் உண்மையில் பயன்படுவது இந்தப் பகுதிதான். 0 முதல் 10 வரை உள்ள எண், யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று கைகாட்டுகிறது. காரணம் பேச்சில்தான் வரும். 6 அல்லது அதற்குக் கீழே போட்ட ஒவ்வொருவரையும் இரண்டு நாளுக்குள் கூப்பிடுங்கள். கூப்பிடுகிறவர் அந்த வண்டியைக் கையாண்ட அட்வைசராக இருக்கக் கூடாது. வாடிக்கையாளர் அவரிடம் மனம்விட்டுப் பேச மாட்டார். வாரத்துக்கு நாலைந்து அழைப்புதான், நீங்களே செய்யலாம். சனிக்கிழமை எத்தனை ஜாப் கார்டு திறக்கிறீர்கள், எத்தனை மெக்கானிக் இருக்கிறார்கள், டெலிவரி நேரத்தை யார் எதை வைத்துச் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். மதியம் என்று வாயில் வந்ததைச் சொல்லாமல் "மாலை 5 மணி" என்று முதலிலேயே சொன்னால்கூட இந்தக் குறையில் பாதி போகும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வி பார்க்கவே முடியாத ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாதம் உங்களிடம் 410 ஜாப் கார்டு. பதில் போட்டது 60. மீதி 350 பேர் என்ன நினைக்கிறார்கள் என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கோபப்பட்டவரும்தான் பெரும்பாலும் பதில் போடுவார்கள். "அடுத்த தடவை வேற இடம் பார்த்துக்கலாம்" என்று அமைதியாகப் போகிறவர் வாட்ஸ்அப்பைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

அவர்களைப் பிடிக்க உங்களிடம் ஏற்கெனவே ஒரு பதிவேடு இருக்கிறது. போன வருடம் இதே மாதம் வந்த வண்டி நம்பர்களை எடுங்கள். அடுத்த 6 மாதத்தில் எத்தனை திரும்பி வந்தன என்று பாருங்கள். ப்ரமோட்டர், பாசிவ், டிட்ராக்டர், பதிலே போடாதவர் என்று நான்காகப் பிரித்துப் பாருங்கள். பதில் போடாதவர்களின் திரும்பிவரும் விகிதம் டிட்ராக்டரைப் போலவே இருந்தால், உங்கள் என்.பி.எஸ். உங்களுக்கு நல்ல செய்தியை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: ஃப்ரீ சர்வீஸ் வண்டிகளைத் தனியாக வையுங்கள். வாரன்டிக்காக வருகிறவர் பிடிக்காவிட்டாலும் வருவார். ஃப்ரீ சர்வீஸ் முடிந்து முதல் பெய்டு சர்வீஸுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதே உங்களுக்கான உண்மையான மதிப்பெண்.

இந்த முறையைக் கொண்டுவந்த ஃப்ரெட் ரைக்ஹெல்ட், பெய்ன் அண்ட் கம்பெனி ஆலோசகர். நிறுவனம் வளருமா என்று அறிய இந்த ஒரு எண் போதும் என்று 2003 இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். வாடிக்கையாளருக்கு வேறு வழியே இல்லாத தொழில்களில் இந்தக் கேள்வி சரியாக வேலை செய்யவில்லை என்று அவரே அப்போது ஒப்புக்கொண்டார். 2007 இல் டிமத்தி கீனிங்ஹாமும் உடன் மூவரும் நார்வே நிறுவனங்களின் தரவை வைத்துச் சோதித்தபோது, வளர்ச்சியைக் கணிப்பதில் இந்த எண் மற்ற திருப்தி அளவீடுகளைவிட மேல் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2021 இல் ரைக்ஹெல்டே, ஊழியர்கள் மதிப்பெண்ணுக்குக் கெஞ்சுவதும் நிறுவனங்கள் தாங்களே எண்ணை அறிவித்துக்கொள்வதும் முறையைக் கெடுத்துவிட்டன என்று எழுதி, திரும்பி வருகிறவர்களின் வருமானத்தையும் அவர்கள் அழைத்துவந்த புதியவர்களின் வருமானத்தையும் எண்ணச் சொன்னார். உங்கள் அளவில் அதைச் செய்வது கஷ்டமில்லை. புது வண்டி வந்தால் "யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டு ஜாப் கார்டில் ஒரு வரி எழுதினால் போதும். சிபாரிசு செய்வேன் என்று சொல்வதற்கும் உண்மையில் ஒருவரை அனுப்பி வைப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று சில மாதத்தில் தெரிந்துவிடும்.

இன்சென்டிவ் விஷயத்துக்கு வருகிறேன். காசை எண்ணோடு கட்டினால், அந்த வாரமே "மெசேஜ் வந்தா 10 போட்டுடுங்க அண்ணா, இல்லன்னா என் சம்பளம் போயிடும்" என்பது கவுன்டரில் தொடங்கிவிடும். தொடங்கியதா என்பதை ஷீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். 10 திடீரென்று குவியும், 7, 8 காணாமல் போகும், காரணப் பெட்டி காலியாகவே இருக்கும், பதில்கள் டெலிவரி கொடுத்த சில நிமிடத்தில் வந்திருக்கும். சண்டை போட்ட வாடிக்கையாளரின் மொபைல் நம்பர் ஜாப் கார்டில் ஒரு இலக்கம் தப்பாக இருப்பதையும் பார்ப்பீர்கள்.

அட்வைசர்களுக்கு ஏதாவது ஒன்றோடு இன்சென்டிவைக் கட்டியே ஆக வேண்டும் என்றால், சொன்ன நேரத்தில் டெலிவரி ஆன வண்டிகளின் பங்கையும், அதே புகாரோடு 15 நாளுக்குள் திரும்பி வந்த வண்டிகளின் எண்ணிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 410 வண்டிக்கும் கிடைக்கும், அட்வைசரின் கையில் ஓரளவு இருக்கும். டெலிவரி நேரத்தை கேட் பாஸிலிருந்து எடுங்கள், அட்வைசர் எழுதுவதிலிருந்து எடுக்காதீர்கள். என்.பி.எஸ். எண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். 180 பதில் இருந்தால் தடுமாற்றம் 12 புள்ளிக்குக் குறையும்.