வினாத்தாள்களை எண்ணி நேரத்தைப் பிரிப்பது எப்படி?

*குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 2018, 2019, 2022, 2024, 2025 வினாத்தாள்கள் ஐந்தும் கையில் இருக்கின்றன. 2025 தாளை மட்டும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. தலைப்புவாரியாக எத்தனை கேள்வி வருகிறது என்று அட்டவணை போட்டால் திருப்புதல் எளிது என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு மாதிரி வருகிறது. அட்டவணையை எப்படிப் போடுவது, அதை வைத்து நேரத்தை எப்படிப் பிரிப்பது? எட்டு வாரம் இருக்கிறது, தினம் மூன்று மணி நேரம் படிக்க முடியும்.*
*— வாசகி, விருதுநகர்*

வருடத்துக்கு ஒரு மாதிரி வருவதற்குப் பெரிய காரணம், நீங்கள் எண்ணும் ஐந்து தாள்களும் ஒரே பாடத்திட்டத்தில் வந்தவை அல்ல என்பதுதான். 2025 தேர்வுக்கு முன்பு பாடத்திட்டம் மாறியது. புதிய பாடத்திட்டத்தில் எந்த அலகிலிருந்து எத்தனை வினா என்பதையே தேர்வாணையம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பொது அறிவில் பொது அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழக வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு மரபு பண்பாடு 20. கணக்கில் திறனறிவு 15, காரணவியல் 10. ஆகவே அலகு அளவிலான எடையைக் கண்டுபிடிக்கப் பழைய தாள் தேவையே இல்லை. பழைய தாள்களின் வேலை, ஒரு அலகுக்கு உள்ளே எந்தத் தலைப்பு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டுவது மட்டும்தான்.

இதைக் கவனிக்காமல் எண்ணினால் தமிழ்ப் பகுதியில்தான் அதிகம் ஏமாறுவீர்கள். பழைய பாடத்திட்டத்தில் பொதுத்தமிழ் இலக்கணம், இலக்கியம், தமிழ் அறிஞர்களும் தமிழ்த்தொண்டும் என்று மூன்று பகுதியாக இருந்தது. இப்போது பின்னிரண்டும் ஒரே அலகாகச் சேர்ந்து நூற்றுக்கு 15 வினாதான். இலக்கணத்துக்கு 25. சொல்லகராதி, எழுதும் திறன், வாசித்துப் புரிந்துகொள்ளுதல் மூன்றுக்கும் தலா 15, கலைச்சொற்களுக்கு 10, மொழிபெயர்ப்புக்கு 5. பழைய நான்கு தாள்களையும் அப்படியே எண்ணிச் சராசரி எடுத்தால், ‘நூலும் ஆசிரியரும்’ மாதிரியான தலைப்புகள் அட்டவணையின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலைச்சொற்களுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. அந்த அட்டவணையை நம்பிப் படித்தால் எட்டு வாரத்தில் பாதி வீணாகிவிடும்.

எனவே எல்லாத் தாளிலும் எல்லாக் கேள்வியையும் எண்ண வேண்டாம். தமிழில் பழைய தாள்களிலிருந்து இலக்கண வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வரலாறும் வளர்ச்சி நிர்வாகமும் 2018, 2019 தாள்களுக்குப் பிறகுதான் தனி அலகுகளாக வந்தன. அதனால் அவற்றுக்கு 2022, 2024 தாள்கள் மட்டும் போதும். அறிவியலுக்கும் புவியியலுக்கும் உள்ளே பிரித்து எண்ணவே வேண்டாம். ஐந்தே வினாவை இயற்பியல், வேதியியல், தாவரவியல் என்று கூறு போட்டால் வருவது 0 அல்லது 1. அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான்கு தாள்களும் முழுதாகக் கைகொடுப்பது ஆட்சியியலிலும் கணக்கிலும்தான். அட்டவணையை அங்கிருந்து தொடங்குங்கள்.

எண்ணுவதற்கு முன்னால் தாளைப் போட்டுப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம். கேள்வியைப் படித்துத் தலைப்பு குறித்துவிட்டால் விடையும் கண்ணில் பட்டுவிடும், அப்புறம் அந்தத் தாளை வைத்து உங்கள் நிலையை அளக்க முடியாது. விடை எழுதும்போதே, ஊகித்துப் போட்ட கேள்விக்கு ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எல்லோரும் ஊகித்துப் போடுவோம், நான்கில் ஒன்று தானாகவே சரியாக வரும். புள்ளி வைத்த கேள்வி சரியாக வந்திருந்தாலும் அட்டவணையில் அதைத் தவறு என்றே எழுதுங்கள். இல்லையென்றால் தெரியாத தலைப்பு தெரிந்ததாகக் காட்டும்.

பிறகு கூகுள் ஷீட்டிலோ எக்ஸெலிலோ ஒரு கேள்விக்கு ஒரு வரி: முதல் பத்தியில் வருடம், இரண்டாவதில் வினா எண், மூன்றாவதில் தலைப்பு, நான்காவதில் சரி என்றால் 1, தவறு என்றால் 0. தலைப்பைப் பெயராக எழுத வேண்டாம். ஒரு இடத்தில் ‘தனிவட்டி’, இன்னொரு இடத்தில் ‘தனி வட்டி’ என்று தட்டினால் ஷீட் அவற்றை இரண்டு தலைப்பாக எண்ணும். 4.1, 4.2 என்று எண் கொடுத்தாலும் சிக்கல்தான், 4.10 என்று தட்டியது 4.1 ஆக மாறிவிடும். ஆட்சியியலுக்கு ஆ1, ஆ2, கணக்குக்கு க1, க2 என்று வைத்துக்கொண்டு, எது எதைக் குறிக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தலைப்புகளைப் பாடத்திட்டத்தின் வரிகளிலிருந்தே எடுங்கள். ஆட்சியியலுக்கு ஏழெட்டுத் தலைப்பு போதும். எண்ணும் சூத்திரம் இது:

```
=COUNTIFS($A:$A,2024,$C:$C,"ஆ2")
=COUNTIFS($C:$C,"ஆ2",$D:$D,0)
```

முதலாவது ஒரு வருடத்தில் அந்தத் தலைப்பில் வந்த வினாக்களைச் சொல்லும், இரண்டாவது எல்லா வருடங்களிலும் சேர்த்து அந்தத் தலைப்பில் நீங்கள் தவறவிட்டவற்றைச் சொல்லும். ஒரே தேர்வின் வேறு வரிசைத் தாள் உங்கள் கட்டில் கலந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நண்பர்களிடம் வாங்கிய நகல்களில் இது அடிக்கடி நடக்கும். கேள்விகள் அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கும்.

சில கேள்விகள் இரண்டு தலைப்பில் கால் வைக்கும். இரண்டு கூம்புகளின் ஆரங்கள் 2:3, உயரங்கள் 3:4 என்றால் கன அளவுகளின் விகிதம் என்ன? இது விகிதமா, கன அளவா? நான் வைத்திருக்கும் விதி: இந்தக் கேள்வி தவறினால் எந்தப் பாடத்தைத் திறப்பீர்களோ, அதில் சேருங்கள். கூம்பின் கன அளவுக்கான சூத்திரம் நினைவில் இருந்தால் 1:3 என்று வந்துவிடும், இல்லையென்றால் விகிதம் எவ்வளவு தெரிந்தும் பயனில்லை. ஆகவே இது கன அளவு.

இப்போது ஆட்சியியலில் இரண்டு தலைப்பை மட்டும் வைத்துப் பார்ப்போம். இந்த எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை, உங்கள் தாளில் வருவதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

| தலைப்பு | 2018 | 2019 | 2022 | 2024 | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| அடிப்படை உரிமைகள், கடமைகள் | 2 | 3 | 3 | 2 | 10 |
| உள்ளாட்சி, பஞ்சாயத்து ராஜ் | 0 | 4 | 0 | 2 | 6 |

நான்கு தாளிலும் சேர்த்து ஆட்சியியல் வினாக்கள் 52 என்று வைத்துக்கொள்வோம். 52-இல் 10 என்றால், இப்போதைய 15 வினாவில் சுமார் 3 எதிர்பார்க்கலாம். உள்ளாட்சிக்குச் சுமார் 2 வரும். ஆனால் இந்த 3-ஐயும் 2-ஐயும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. முதல் வரிசையில் எந்த வருடமும் 2-க்குக் கீழே போகவில்லை. இரண்டாவது இரண்டு முறை வரவே இல்லை. அதனால் சராசரிக்குப் பக்கத்தில் குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் எழுதி வையுங்கள்: 2–3, 0–4. நிலையாக வரும் தலைப்புக்கு ஆழமாக நேரம் கொடுக்கலாம். ஏறி இறங்கும் தலைப்பைப் பள்ளிப் பாடநூலை வைத்து ஒரு முறை முழுதாகப் படித்து, ஒரு பக்கக் குறிப்போடு நிறுத்திக்கொள்ளலாம். அடியோடு விட்டுவிடாதீர்கள், நான்கு வினா வரும் வருடம் உங்கள் வருடமாக இருக்கலாம்.

இதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதிகம் வரும் தலைப்புக்கு அதிக நேரம் என்று பிரித்துவிடுவார்கள். உண்மையில் நேரம் போக வேண்டியது வினா அதிகமாக வரும் இடத்துக்கு இல்லை, மீட்கக்கூடிய மதிப்பெண் அதிகமாகக் கிடக்கும் இடத்துக்கு. அடிப்படை உரிமைகளில் வந்த 10 வினாவில் நீங்கள் 2 தவறவிட்டீர்கள் என்றால், எதிர்பார்க்கும் 3 வினாவில் நீங்கள் இழப்பது சுமார் 0.6. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 0.9. திருப்பிப் படிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்றால், மணிக்குக் கால் மதிப்பெண்கூட இல்லை. கணக்கில் வட்டியை எடுங்கள். நான்கு தாளில் 12 வினா, அதில் 8 தவறு, எதிர்பார்ப்பது 3 என்று கொள்வோம். இழப்பு 2 வினா, 3 மதிப்பெண். தனிவட்டியும் கூட்டுவட்டியும் போட்டுப் பழக ஆறு மணி நேரம் என்றால் மணிக்கு அரை மதிப்பெண். இரண்டு தலைப்பிலும் மூன்று வினாதான், ஆனால் வட்டி முதலில் வர வேண்டும். எல்லாத் தலைப்புக்கும் இப்படி ‘மணிக்கு எத்தனை மதிப்பெண்’ என்று ஒரு பத்தி போட்டு, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். அதுதான் உங்கள் திருப்புதல் வரிசை.

வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் உங்களிடம் 144 மணி நேரம் இருக்கிறது. கால் பங்கை, அதாவது 36 மணி நேரத்தை, முழு மாதிரித் தேர்வுக்கும் அதைத் திருத்திப் பார்ப்பதற்கும் ஒதுக்கிவிடுங்கள். மீதி 108 மணி நேரத்தை வரிசையின் மேலிருந்து நிரப்பிக்கொண்டே வாருங்கள். தீரும் இடத்துக்குக் கீழே இருக்கும் தலைப்புகளுக்குப் பழைய குறிப்பைப் புரட்டினால் போதும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி மதிப்பீட்டுக்கே போகாது. மாதிரித் தேர்வில் நீங்கள் 75-க்குக் கீழே இருந்தால், வரிசை என்ன சொன்னாலும் தமிழை முன்னால் கொண்டுவாருங்கள்.

திறக்காத 2025 தாள் இங்கேதான் உதவும். நான்கு தாளை வைத்து அட்டவணை முடிந்ததும், நேரத்தைப் பிரிப்பதற்கு முன்பு, அந்தத் தாளைப் போட்டுத் தலைப்பு குறியுங்கள். உங்கள் எதிர்பார்ப்பும் வந்ததும் ஒன்றுக்குள் வேறுபட்டால் அந்த வரியை நம்பலாம். இரண்டு மூன்று என்று விலகும் தலைப்பைப் பக்கத்துத் தலைப்போடு சேர்த்துப் பாருங்கள். உள்ளாட்சியை மாநில நிர்வாகத்தோடு சேர்த்தால் கூட்டு எண் பெரும்பாலும் நிதானப்படும். கலைச்சொல், வாசித்தல் போன்ற புதிய அலகுகளுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சான்று இந்தத் தாள்தான். ஒரு தாளை வைத்து உள்தலைப்பு எடை போட முடியாது, அவற்றில் உங்கள் தவறுகளை மட்டும் எண்ணுங்கள்.

நான்காவது வாரக் கடைசியில் ஒரு மாதிரித் தேர்வு எழுதி, தவறு விகிதப் பத்தியை மட்டும் புதிதாக நிரப்புங்கள். வினா எண்ணிக்கைப் பத்தி மாறாது, ஆனால் வட்டியில் தவறு விகிதம் நன்றாகக் குறைந்திருந்தால் அது வரிசையில் கீழே இறங்கிவிடும். அடுத்த நான்கு வாரத்துக்கு அந்தப் புதிய வரிசையைப் பின்பற்றுங்கள்.