சென்ட்டை 'சோத்கா' ஆக்கிவிடாதீர்கள்

"மாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். ஊரிலுள்ள மனையை விற்க ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். பணம் எப்படி வந்தது என்று இங்குள்ள வங்கி கேட்கிறது, பத்திரத்தின் ரஷ்ய மொழிபெயர்ப்பும் வேண்டுமாம். எதைக் கவனிக்க வேண்டும்?"

சொத்து விவரத்திலிருந்து தொடங்குங்கள். பெரிய தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. நம் பத்திரங்களில் 'வாய்க்காலுக்குத் தெற்கு, 20 அடி தெருவுக்குக் கிழக்கு' என்று எழுதுவார்கள். மனை வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கிறது, அதாவது வாய்க்கால் மனையின் வடக்கு எல்லை. அவசரத்தில் பெயர்ப்பவர் 'தெற்கு: வாய்க்கால்' என்று போட்டுவிடுவார். நான்கு எல்லையும் தலைகீழாகிவிடும். வெள்ளைத்தாளில் மனையை வரைந்து நான்கு பக்கமும் குறித்துக்கொண்டால் இந்தப் பிசகு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது சென்ட். ரஷ்யாவில் நிலத்தைச் 'சோத்கா'வில் சொல்வார்கள், அந்தச் சொல்லுக்கும் 'நூறில் ஒன்று' என்ற பொருள்தான். ஆனால் சோத்கா ஹெக்டேரில் நூறில் ஒன்று, 100 சதுர மீட்டர். நம் சென்ட் ஏக்கரில் நூறில் ஒன்று, சுமார் 40.47 சதுர மீட்டர். உங்கள் மனை 5.75 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 232.7 சதுர மீட்டர். சோத்கா என்று எழுதினால் 575 ஆகிவிடும்! 'சென்ட்' என்பதை ரஷ்ய எழுத்தில் அப்படியே வைத்து, சதுர மீட்டர் கணக்கை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சர்வே எண், உட்பிரிவில் ஒரு புள்ளிகூட மாறக்கூடாது.

பணத் தவணைகளைப் பெயர்க்கும்போது, ரஷ்ய மொழியில் லட்சம் கிடையாது. 23,00,000 என்பது 2 300 000 இந்திய ரூபாய் என்று வர வேண்டும், எழுத்தாலும் மில்லியனில். ரூபிளுக்கு மாற்றவே கூடாது. முன்பணம் 3 லட்சம், இரண்டாம் தவணை 10, கிரயத்தன்று 10 என்றால், மூன்றையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

'அட்வான்ஸ்' என்ற சொல்லில்தான் சிக்கல். ரஷ்யச் சட்டத்தில் 'அவான்ஸ்' வெறும் முன்பணம், பேரம் முறிந்தால் திரும்பிவிடும். 'ஸதாதக்' வேறு: கொடுத்தவர் தவறினால் போய்விடும், வாங்கியவர் தவறினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும் (சிவில் சட்டத்தொகுப்பு, பிரிவு 381). உங்கள் பத்திரத்தில் வாங்குபவர் தவறினால் முன்பணம் திரும்பாது என்று மட்டும் இருந்தால், இரண்டுமே முழுக்கப் பொருந்தாது. 'விலையில் கழிக்கப்படும் முன்பணம்' என்று விவரித்து எழுதுவதே நல்லது, அபராத விதியைப் பத்திரத்தில் உள்ளபடி தனியாகப் பெயர்க்கலாம்.

அப்புறம் பெயர்கள். முருகன் மகன் செல்வம் என்பதைச் 'செல்வம் முருகனொவிச்' ஆக்கும் ஆசை சிலருக்கு உண்டு. வேண்டாம், 'முருகனின் மகன்' போதும். உங்கள் ரஷ்ய விசாவில் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதுவே இங்கும்.

நோட்டரி தமிழ் அறியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்தைத்தான் சான்றளிப்பார், உள்ளடக்கத்தை அல்ல. அதனால் அங்கே போகும் முன்பே எண்களையும் எல்லைகளையும் ஒருமுறை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுவிடுங்கள்.