விழும் துளியின் வெப்ப இழப்பு: எந்தக் கோளச் சமன்பாடு, எந்த வேகம், எந்த வெப்பநிலை?

வாசகர் கேள்வி: யூரியா பிரில்லிங் கோபுரத்தில் 2 மி.மீ. விட்டமுள்ள உருகிய துளிகள் விழுகின்றன. காற்று கீழிருந்து 1 மீ/வி வேகத்தில் மேலே வருகிறது. வெப்பமாற்றக் கெழுவைக் கணக்கிட ஒரு புத்தகம் ரான்ஸ்–மார்ஷல் சமன்பாட்டையும் இன்னொன்று விட்டேக்கர் சமன்பாட்டையும் தருகிறது. எதை எடுப்பது? வேகத்துக்கு விழும் வேகத்தோடு காற்றின் வேகத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்:

வேகத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனெனில் சமன்பாட்டைத் தேர்ந்தெடுப்பதே ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்தது. அந்த எண்ணில் வர வேண்டியது துளிக்கும் அதைச் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான சார்பு வேகம் மட்டுமே. எடையும் காற்றுத் தடையும் சமமாகும்போது துளி அடையும் முற்றுத் திசைவேகம் காற்றைப் பொறுத்து அளக்கப்படும் வேகமாகும். எனவே அதனோடு மேலெழும் காற்றின் 1 மீ/வி-யைக் கூட்டினால் அதே வேகத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். காற்றின் ஓட்டம் மாற்றுவது வேறொன்றை: கோபுரச் சுவரைப் பொறுத்து துளி இறங்கும் வேகத்தையும், அதனால் துளி காற்றில் இருக்கும் நேரத்தையும்.

துளியின் அடர்த்தியை உருகிய நிலைக்கும் திடநிலைக்கும் இடைப்பட்டதாக 1250 கி.கி./மீ³ என்றும், காற்றின் வெப்பநிலையை 50° செ. என்றும் கொள்வோம். தடைக் கெழுவுக்கு ஒரு மதிப்பை ஊகித்து வேகத்தைக் கண்டு, அந்த வேகத்தின் ரெனால்ட்ஸ் எண்ணிலிருந்து தடைக் கெழுவைத் திருத்தி மீண்டும் கணக்கிட்டால், இரண்டு மூன்று சுற்றுகளில் தடைக் கெழு சுமார் 0.46-இலும் முற்றுத் திசைவேகம் சுமார் 8 மீ/வி-யிலும் நிலைபெறும். சுவரைப் பொறுத்துத் துளி 7 மீ/வி-யில்தான் இறங்கும். 40 மீ உயரத்தைக் கடக்க ஏறத்தாழ 5.7 விநாடி ஆகும். காற்று அசையாமல் இருந்திருந்தால் இது 5 விநாடியாக இருந்திருக்கும். மேலெழும் காற்று இந்தத் துளிக்கு நேரடியாகத் தரும் நன்மை இந்தக் கூடுதல் நேரமே. (துளி 8 மீ/வி-யை நெருங்க முதல் ஏழெட்டு மீட்டர் பிடிக்கும் என்பதை இங்கே விட்டுவிட்டேன்.)

இனி சமன்பாடுகள்:

```
Ranz-Marshall:  Nu = 2 + 0.6 Re^(1/2) Pr^(1/3)
Whitaker:       Nu = 2 + (0.4 Re^(1/2) + 0.06 Re^(2/3)) Pr^0.4 (mu/mu_s)^(1/4)
h = Nu k / d
```

இங்கே Nu நசெல்ட் எண், Re ரெனால்ட்ஸ் எண், Pr பிராண்டல் எண்; mu காற்றின் பாகுநிலை, mu_s துளியின் பரப்பு வெப்பநிலையில் அதே பாகுநிலை; k காற்றின் கடத்துத்திறன், d துளியின் விட்டம், h வெப்பமாற்றக் கெழு. இரண்டிலும் முதலில் நிற்கும் 2, அசையாத காற்றில் கோளத்திலிருந்து கடத்தலால் மட்டும் வெளியேறும் வெப்பத்தைக் குறிக்கிறது. மிகச் சிறிய துளிகளுக்கு அந்த 2-தான் பெரும்பங்கு. நம் துளிக்கு மீதியே முக்கியம். ரான்ஸ்–மார்ஷல் சமன்பாடு துளிகளின் ஆவியாதலை ஆராய்ந்ததிலிருந்து 1952-இல் வந்தது. ரெனால்ட்ஸ் எண் சுமார் 200 வரை அதன் இயல்பான களம். விட்டேக்கர் 1972-இல் தந்த சமன்பாடு 3.5 முதல் 76,000 வரை பொருந்தும். கோளத்தின் பின்புறச் சுழல் பகுதியின் பங்கை ஏற்கும் 2/3 அடுக்கு உறுப்பு அதில் இருப்பதே காரணம். நம் ரெனால்ட்ஸ் எண் 700-க்கும் 900-க்கும் இடையில் வருவதால் விட்டேக்கரே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அவருடைய பாகுநிலை விகிதம் 1.0 முதல் 3.2 வரைதான் சோதிக்கப்பட்டது. வாயுவின் பாகுநிலை வெப்பத்தோடு கூடுவதால், சூடான துளி குளிர்ந்த காற்றில் விழும் எல்லா நேர்வுகளிலும் அந்த விகிதம் 1-க்குக் கீழேதான் இருக்கும். இங்கே அது 0.85. ஆகவே இரண்டு சமன்பாடுகளுமே நம் துளிக்கு ஏதாவது ஒரு வகையில் வரம்பைத் தாண்டியவை. இதை அறிந்தே பயன்படுத்த வேண்டும்.

பிழை அதிகம் புகுவது காற்றின் பண்புகளை எந்த வெப்பநிலையில் எடுப்பது என்ற இடத்தில்தான். விட்டேக்கருக்கு எல்லாப் பண்புகளும் தொலைவில் உள்ள காற்றின் வெப்பநிலையில், அதாவது 50° செ.-இல் எடுக்கப்பட வேண்டும். பரப்பின் பாகுநிலை மட்டும் துளியின் பரப்பு வெப்பநிலையில், அதாவது யூரியாவின் உருகுநிலையான 133° செ.-இல். ரான்ஸ்–மார்ஷலுக்குப் பரப்புக்கும் காற்றுக்கும் சராசரியான படல வெப்பநிலையில், இங்கே சுமார் 90° செ.-இல், எடுப்பது வழக்கம்.

அவ்வாறே செய்தால், ரான்ஸ்–மார்ஷலில் ரெனால்ட்ஸ் எண் 730, நசெல்ட் எண் 16.4, வெப்பமாற்றக் கெழு 254 வாட்/மீ²·கெ. விட்டேக்கரில் ரெனால்ட்ஸ் எண் 890, நசெல்ட் எண் 16.6, கெழு 232. நசெல்ட் எண்கள் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, கெழுக்கள் 9 விழுக்காடு விலகி நிற்பதைக் கவனியுங்கள். ஒன்றில் காற்றின் கடத்துத்திறன் 0.031, மற்றதில் 0.028 என்பதே காரணம். இரண்டையும் கலந்து, ரெனால்ட்ஸ் எண்ணை 50° செ.-இலும் கடத்துத்திறனைப் படல வெப்பநிலையிலும் எடுத்தால் ரான்ஸ்–மார்ஷல் 278 என்று காட்டும். உங்கள் விடை இதைப்போல் வெளியே தனித்து நின்றால், சமன்பாட்டைச் சந்தேகிக்கும் முன் பண்புகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள்.

விட்டேக்கர் சமன்பாட்டின் துல்லியம் ±30 விழுக்காடு என்றே பாடநூல்கள் தருகின்றன. எனவே 9 விழுக்காடு வேறுபாட்டில் எது உண்மை என்று தேடுவது வீண். இரண்டாலும் கணக்கிட்டு, கோபுர உயரத்தை முடிவு செய்யும்போது குறைந்ததான 232-ஐ எடுங்கள் என்பதே என் ஆலோசனை.

அந்த மதிப்பைக் கொண்டு உறைவதற்கான நேரத்தைப் பார்ப்போம். உள்ளுறை வெப்பம் சுமார் 240 கி.ஜூ./கி.கி. என்று கொண்டால், அடர்த்தி, விட்டம், உள்ளுறை வெப்பம் ஆகியவற்றின் பெருக்கலை, 6, கெழு, 83 டிகிரி வேறுபாடு ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்கக் கிடைப்பது 5.2 விநாடி. 254-ஐ எடுத்தால் 4.7 விநாடி. இருக்கும் நேரமோ 5.7 விநாடி. கணக்கு ஒத்துவருவதுபோல் தெரிந்தாலும் இது கீழ்வரம்பே. உறையத் தொடங்கியதும் வெளியே உருவாகும் யூரியா ஓடு வெப்பத்தை மோசமாகக் கடத்துவதால் பரப்பு 133° செ.-க்குக் கீழே இறங்கிவிடும். காற்றோடு உள்ள வேறுபாடு குறைந்து நேரம் நீளும். உறைந்த மணி மேலும் குளிர்வதற்கும் நேரம் வேண்டும். காற்று மேலே ஏறும்போது சூடாவதால், சூடான துளிகள் சூடான காற்றையே சந்திக்கும் என்பதும் சேரும். கதிர்வீச்சு அதிகபட்சம் 11 வாட்/மீ²·கெ. அளவுக்கே உதவும். ஓட்டின் தடையைச் சேர்க்காமல் 40 மீட்டரை உறுதி செய்யாதீர்கள். கோபுரத்தின் அடியில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ, உடைத்துப் பார்க்கையில் நடுப்பகுதி ஈரமாக இருந்தாலோ, தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

இதே சமன்பாடுகளை நீர்த்துளிக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், நசெல்ட் எண் வரை வழி ஒன்றே. ஆனால் ஆவியாகும் துளி தன் வெப்பநிலையைக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு அருகே கொண்டுபோய்விடும். வெப்பநிலை வேறுபாட்டை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். துளி விழத் தொடங்கியபோது இருந்த வெப்பநிலையிலிருந்து அல்ல.