வெயில் குறைந்தால் ‘டிரை ரன்’ காட்டும் சோலார் மோட்டார்

வள்ளியூர் பக்கம் 5 எச்.பி. சோலார் போர். மேகம் வந்தாலே, தண்ணீர் வற்றிவிட்டது என்று சொல்லும் ‘டிரை ரன்’ காட்டி மோட்டார் நின்றுவிடுகிறது, ஆனால் போரில் தண்ணீர் இருக்கிறது. ஏன்?

ஆடி மாத மேகம் வந்து வெயில் குறைந்ததும் கன்ட்ரோலர் வேகத்தைக் குறைக்கிறது. பம்ப் இழுக்கும் பவர், வேகத்தின் மும்மடிப்படி சரியும். 50 ஹெர்ட்ஸில் 4 கிலோவாட் என்றால் 45-இல் ஏறத்தாழ 2.9 தான். தண்ணீர் வற்றினாலும் பவர் இப்படித்தான் விழும். எல்லா வேகத்துக்கும் ஒரே ஆம்பியர் வரம்பு வைத்திருந்தால் கன்ட்ரோலருக்கு வித்தியாசம் தெரியாது.

நல்ல வெயிலில், தண்ணீர் நன்றாக வரும்போது, 50, 47, 45 என்று வேகத்தை மாற்றி ஒவ்வொன்றிலும் பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 70 சதவீதத்தை அந்தந்த வேகத்தின் வரம்பாக வையுங்கள். 45-இல் 2 கிலோவாட்டுக்குக் கீழே போய் அரை நிமிடம் நீடித்தால்தான் வறட்சி.

குறைந்தபட்ச வேகத்தையும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பம்ப் தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிப்படி குறையும். முழு வேகத்தில் அதிகபட்சம் 120 மீட்டர் தூக்கும் பம்ப் 40 ஹெர்ட்ஸில் 77 மீட்டர்தான் தூக்கும். நீர்மட்டம் 80 மீட்டரில் இருந்தால் மோட்டார் சும்மா சுற்றிச் சூடாகும், சொட்டுக்கூட வராது. அங்கே 42-க்குக் கீழே ‘வெயில் போதாது’ என்று நிற்கட்டும், சில நிமிடத்தில் மறுபடி ஓடலாம். வறட்சியில் நின்றால் மட்டும், ஊற்று சுரக்க அரை மணி நேரமாவது விடுங்கள்.