கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

வாகனக் காப்பீட்டில் விபத்து இழப்பீட்டைப் படிப்படியாக விளக்கி நாங்கள் எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு, செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பலர் எழுதியிருந்தார்கள். மூவருக்கு மட்டும் இங்கே பதில்.

காணொளியின் நாள்கணக்குப் படத்தில் 24 மணி நேரம், 15 நாள், 7 நாள் என்று வருகிறது. காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டு 20 நாள் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லையே? (தேவகோட்டை)

படத்தில் முதல் அம்புக்குறி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நீங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன நேரத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும், வண்டியை விட்ட நேரத்தில் அல்ல. 2024-ல் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும். அது கைக்கு வந்த 7 நாளில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். "நாங்களே சொல்லிவிடுகிறோம்" என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னாலும், நீங்களே அழைத்துக் கிளெய்ம் எண்ணை வாங்கிவிடுங்கள். எண் இல்லையென்றால், தகவலே போகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் மாற்ற விடாதீர்கள். பானெட்டைக் கழற்றிய பிறகு ரேடியேட்டரும் நசுங்கியிருப்பது தெரிந்தால் அவரை மறுபடி அழைக்க வேண்டும். அதுவரை பழைய பாகங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே இருக்கட்டும்.

கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து கானாடுகாத்தான் வந்தோம். ஆக்டிங் டிரைவர் ஓட்டும்போது மாட்டின் மேல் மோதிவிட்டது. யாருடைய லைசென்ஸ் கேட்பார்கள்?

ஓட்டியவருடையது. ஆவணப் பட்டியலில் பலர் தவறவிடுவது இதைத்தான். விபத்து நடந்த நாளில் அது செல்லுபடியாகியிருக்க வேண்டும், அந்த வகை வண்டிக்கும் உரியதாக இருக்க வேண்டும். டிரைவர் ஊர் திரும்புவதற்குள் நகல் வாங்கிவிடுங்கள். அதோடு ஆர்.சி., பாலிசி, கிளெய்ம் படிவம், மதிப்பீட்டுச் சீட்டு. யாருக்காவது காயம் பட்டிருந்தால் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கையும் வேண்டும்.

பில் 36,000 ரூபாய். கைக்கு 27,500 வந்தது. ஏமாற்றிவிட்டார்களா? (காரைக்குடி)

இல்லை. நீங்கள் அனுப்பிய பில்லையே எடுத்துக்கொள்வோம். பம்பர் 12,000, பிளாஸ்டிக் என்பதால் பாதி தேய்மானம், கிடைப்பது 6,000. பானெட் 10,000, இரும்பு. வண்டிக்கு இரண்டு வயது கடந்து மூன்று முடியவில்லை, ஆகவே 15 சதவீதம் கழிந்து 8,500. முன்கண்ணாடி 8,000, கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. கூலி 6,000 முழுதும். கூட்டினால் 28,500. இதில் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு உரிமையாளர் கட்டாயம் ஏற்க வேண்டிய 1,000 போனால் 27,500. தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பை எடுத்திருந்தால் 35,000 வந்திருக்கும்.

உங்களுடையது 50,000 ரூபாய்க்குக் கீழான சேதம். உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை. அதனால்தான் செல்போனில் வண்டியைச் சுற்றிக் காட்டச் சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தப் பதிவில் நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே ஓட்டத்தில் தெரிந்தால், மறுபடி கேட்க மாட்டார்கள்.